புகைப்படம் கேட்டு எழுதும் மின்னஞ்சல்: மூன்று வகையில் எது நமக்குப் பொருந்தும்?

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி ஒருவர் இணையத்தில் ஒரு பதிவு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1966-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் நின்று எடுத்த படங்கள் அவரிடம் நிறைய இருக்கின்றன. ஆனால், பறளியாற்றுப் பாறைகளில் இறங்கி நின்று, தூண்கள் 115 அடி உயரத்துக்கு எழும்புவதைக் கீழிருந்து காட்டும் படம் குலசேகரம் பக்கத்துப் புகைப்படக்காரர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் அதைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டிருக்கிறார்; பக்கத்தின் முகப்பில் மின்னஞ்சல் முகவரியும் உண்டு. இனி அவருக்கு எழுத வேண்டிய மடல்தான் பாக்கி.

இந்த மடலை மூன்று வகையாக எழுதலாம். ஒன்று, படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்பது. இரண்டாவது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி படத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சொல்வது. மூன்றாவது, இந்த ஒரு பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்பதை நாமே நிபந்தனைகளாக எழுதி, அவற்றுக்குச் சம்மதம் கேட்பது. பெரும்பாலோர் முதல் வகையை எழுதுகிறார்கள். விவரம் தெரிந்த சிலர் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறார்கள். என் தேர்வு மூன்றாவது. அதற்கான காரணம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, புகைப்படத்தைக் கலைப்படைப்பாகவே கொள்கிறது; படத்தில் கலைநயம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. உரிமம் எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை 30-ஆம் பிரிவு சொல்கிறது: உரிமையாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்தில் கொடுக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கையொப்பம் கட்டாயமில்லை. மின்னணுப் பதிவுகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, எழுத்தாக ஏற்பதால் மின்னஞ்சலே போதும். ஆனால், அந்த எழுத்து அவரிடமிருந்து வர வேண்டும். நாம் எவ்வளவு விரிவாக எழுதினாலும் நம் மடல் உரிமம் ஆகாது. அவருடைய பதில்தான் உரிமம். நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது வாய்மொழியாகச் சரி என்று சொன்னதும், தொலைபேசியில் சொன்னதும் இந்தக் கணக்கில் வராது.

இதைவிடக் குறைவாக அறியப்பட்டது 19-ஆம் பிரிவு. அது பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பதற்கான விதிகளைச் சொல்கிறது. தேவையான மாற்றங்களுடன் அவை உரிமத்துக்கும் பொருந்தும் என்று 30ஏ பிரிவு சொல்லிவிடுகிறது. அந்த விதிகளின்படி, காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். தொகை எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு கேட்கிறது.

இப்போது முதல் வகை மடலைப் பார்க்கலாம். "உங்கள் தொட்டிப்பாலம் படம் மிக அருமை, என் பதிவில் பயன்படுத்திக்கொள்ளலாமா? உங்கள் பெயரைக் கண்டிப்பாகப் போடுகிறேன்" என்று எழுதுகிறோம். நம் ஊர்க்காரர்களின் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: "தாராளமா போட்டுக்கிடுங்க, அதுக்கென்ன." மனம் குளிர்கிறது, பதிவும் வெளியாகிறது. இந்த ஒரு வரிப் பதிலில் காலம் இல்லை, இடம் இல்லை, தொகை பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே சட்டம் தன் விதிகளைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறது: 5 ஆண்டுகள், இந்தியாவுக்குள். இணையப் பதிவோ வெளியான நாள் முதல் துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை செய்யும் நம் உறவினர்களால் படிக்கப்படுகிறது. ஆறாவது ஆண்டிலும் அதே முகவரியில் கிடக்கிறது. கொடுத்தவர் நினைத்ததும் பெற்றவர் நினைத்ததும் இதுவல்ல. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தைப் பாட்டத்துக்கு விடுகிறவர் எத்தனை வருடம் என்று பேசாமல் விடுவதில்லை. படத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு எழாமல் போகிறது.

இதற்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. திற்பரப்பு பக்கத்து விடுதி ஒன்று, நம் பதிவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுவிட்டு, பதிவெழுதியவரிடம் கேட்டுத்தான் எடுத்தோம் என்று சொல்லக்கூடும். அல்லது சிவகாசி நாட்காட்டி அச்சகம் ஒன்று, வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அதே படத்தை வாங்க முன்வரும்போது, தாம் ஏற்கெனவே யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று புகைப்படக்காரருக்கே தெரியாமல் இருக்கும். பதிப்புரிமை, எடுத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிப்பதால், என்றாவது ஒரு நாள் அவருடைய மகனோ மகளோ படத்தை நீக்கச் சொல்லி எழுதலாம். அவர்களிடம் காட்ட நம்மிடம் இருப்பது "அதுக்கென்ன" என்ற ஒரு சொல்தான். முதல் வகை மடல் தவறானதல்ல. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எல்லை தெரியாத மடல் அது.

இரண்டாவது வகை எதிர்த்திசையில் செல்கிறது. படத்தை CC BY 4.0 போன்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடும்படி கேட்கிறோம். எல்லை இங்கே மிகத் தெளிவு: உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் வரை, பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம். மடல் எழுதுகிறவருக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால், கொடுக்கிறவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்த உரிமத்தை ஒரு முறை கொடுத்துவிட்டால், விதிகளைப் பின்பற்றுகிறவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. அந்த விடுதியும் அந்த அச்சகமும் ஒரு ரூபாய் கொடுக்காமல், பெயரையும் உரிமத்தையும் மட்டும் குறிப்பிட்டு, படத்தை அச்சிட்டு விற்கலாம். திருமண வேலை இல்லாத மாதங்களில் இத்தகைய காட்சிப் படங்களை விற்று வருமானம் பார்க்கிற ஒருவரிடம், நம் ஒரு பதிவுக்காக இதைக் கேட்பது அதிகம். அவருக்கு இந்த உரிமங்கள் பழக்கமில்லை என்றால், கேட்கிற நாம் இந்த விளைவையும் மடலிலேயே சொல்ல வேண்டும்; அதைச் சொல்லாமல் இணைப்பை மட்டும் அனுப்பிச் சம்மதம் வாங்குவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் CC BY-NC வகையைக் கேட்கலாமே என்று ஒரு யோசனை வரும். அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் பதிவின் ஓரத்தில் விளம்பரம் ஓடினால் அது வணிகப் பயன்பாடா இல்லையா என்ற கேள்வி நம்மையே சுற்றும். அந்தக் கேள்விக்கு அவரிடம் நேரடியாகப் பதில் வாங்குவது எளிது.

இரண்டாவது வகையே சரியாக அமையும் இடமும் உண்டு. படம் தமிழ் விக்கிப்பீடியாவில் தொட்டிப்பாலக் கட்டுரைக்கு வேண்டுமென்றால், விக்கிமீடியா காமன்சில் வணிகத் தடை உள்ள உரிமமோ மாற்றத் தடை உள்ள உரிமமோ ஏற்கப்படாது. விக்கிப்பீடியாவுக்கு மட்டும் அனுமதிக்கிறேன் என்ற கடிதமும் செல்லாது. அங்கே முழுத் திறந்த உரிமத்தைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு மனம் ஒப்புகிற புகைப்படக்காரர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள்; எல்லாப் படங்களையும் அல்ல, ஒன்றிரண்டைச் சிறிய அளவில் கொடுப்பார்கள். நம்முடைய தேவை ஒரு பதிவு மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். இதன் நோக்கம் ஒன்றுதான்: அவர் ஒரே வரியில் சம்மதம் என்று பதில் அனுப்பினாலும், அந்தப் பதில் காலம், இடம், தொகை எல்லாம் அடங்கிய உரிமமாக நிற்க வேண்டும். மடலை இப்படி எழுதலாம்:

> பொருள்: மாத்தூர் தொட்டிப்பாலம் படம் – ஒரு பதிவில் பயன்படுத்த அனுமதி கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> நான் தக்கலையில் வசிக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கால்வாய்களைப் பற்றி எழுதி வருகிறேன். தொட்டிப்பாலத்தை ஆற்றிலிருந்து மேல்நோக்கிக் காட்டும் தங்கள் படத்தை (இணைப்பும் சிறு நகலும் கீழே உள்ளன) ஒரு பதிவில் பயன்படுத்த விரும்புகிறேன். இந்தப் படத்தை எடுத்தவரும் இதன் உரிமையாளரும் தாங்கள்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.
>
> நான் கேட்பது இவ்வளவே: இந்த ஒரு படத்தை, இந்த ஒரு பதிவில், பதிவு இணையத்தில் இருக்கும் காலம் வரை, உலகின் எந்தப் பகுதியிலிருந்தும் படிக்கும்படி வெளியிடும் உரிமை. தாங்கள் மற்றவர்களுக்குக் கொடுப்பதை இது தடுக்காது. படத்தை வேறு எவருக்கும் கொடுக்கும் உரிமை எனக்கு இராது; கேட்பவர்களைத் தங்களிடமே அனுப்புவேன். அச்சில் வெளியிடுவதானால் மீண்டும் தனியாகக் கேட்பேன்.
>
> படத்தில் வண்ணத்தையோ உள்ளடக்கத்தையோ மாற்ற மாட்டேன். அளவை மட்டும் 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைப்பேன். பதிவைச் சமூக ஊடகங்களில் பகிரும்போது தோன்றும் முன்னோட்டத்தில் படத்தின் ஓரங்கள் தானாக வெட்டப்படலாம். அதற்கும் தங்கள் சம்மதம் வேண்டும். படத்தின் அடியில் தங்கள் பெயர் எப்படி இடம்பெற வேண்டும் என்று தெரிவியுங்கள்.
>
> என் பக்கத்தில் விளம்பரங்கள் உண்டு. இந்தப் பயன்பாட்டுக்குத் தங்கள் கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள். இலவசமாகத் தருவதானால் "கட்டணம் இல்லை" என்று குறிப்பிடுங்கள்.
>
> இவை தங்களுக்கு ஏற்புடையவை என்றால், இந்த மடலை நீக்காமல், "நானே உரிமையாளர், மேற்கண்ட நிபந்தனைகளுக்குச் சம்மதம்" என்றும், கட்டணத்தையும் பெயரையும் சேர்த்தும் பதில் அனுப்பினால் போதும். பதிவை அடுத்த மாத இறுதியில் வெளியிட எண்ணியுள்ளேன்.

மடல் நீளம்தான். அறிமுகமான ஒருவருக்கு எழுதும்போது, 'ஐயா' என்பதற்குப் பதில் 'அண்ணன்' என்று தொடங்கி, நடையைச் சற்று இலகுவாக்கலாம். நிபந்தனைப் பகுதியை மட்டும் சுருக்கக் கூடாது. வக்கீல் நோட்டீஸ் போல இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். என் அனுபவத்தில் புகைப்படக்காரர்களை எரிச்சலூட்டுவது நீளமல்ல. எங்கே போடுவீர்கள், விளம்பரம் உண்டா, வெட்டுவீர்களா என்று அவர்களே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்க வேண்டியிருப்பதுதான்.

உரிமையாளர் தாங்கள்தானா என்ற கேள்வி மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால், எடுத்தவரும் உரிமையாளரும் எப்போதும் ஒருவரல்லர். பத்திரிகையில் வேலை செய்பவர் அந்த வேலைக்காக எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே போகும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. பாலத்தின் மேல் எடுத்த திருமணத் தம்பதியரின் படத்தைக் கேட்டால், புகைப்படக்காரரின் சம்மதம் மட்டும் போதாமல் போவது இதனால்தான். வேறொருவரின் படத்தைப் பகிர்ந்துவிட்டு, அது தம்முடையது போலவே நடந்துகொள்ளும் பக்கங்களும் உண்டு. ஐயம் இருந்தால் மூலக் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம்: எடுத்தவரிடம் பெரிய அளவில், கேமராவின் பெயரும் எடுத்த தேதியும் பதிந்த கோப்பு இருக்கும், வாட்சப் வழியாகப் புகைப்படமாகக் கைமாறி வந்த நகலிலோ அளவு சுருங்கி, அந்த விவரங்களும் உதிர்ந்திருக்கும்.

தொகையைப் பற்றிய வரியில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காசு கேட்பாரோ என்ற பயத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று அவரும் வாயைத் திறப்பதில்லை. பிறகு நம் பக்கத்தில் விளம்பரத்தைப் பார்த்தவுடன் மனக்கசப்பு வருகிறது. கட்டணம் எவ்வளவு என்று நாமே கேட்டுவிட்டால், பெரும்பாலோர் கட்டணம் இல்லை என்று எழுதுவார்கள்; எழுதாதவர்கள் ஒரு தொகையைச் சொல்வார்கள்; அது நம்மால் முடியாது என்றால் பதிவுக்கு முன்பே தெரிந்துவிடும். நம்மால் கொடுக்கக்கூடிய தொகை ஏற்கெனவே மனத்தில் இருந்தால், அதை மடலிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

வெட்டுதல் பற்றிய வரி அற்பமாகத் தோன்றினாலும், சச்சரவு அங்கேதான் அதிகம் பிறக்கிறது. ஆற்றிலிருந்து மேல்நோக்கி எடுத்த படம் நெடுக்கு வாட்டமானது. சமூக ஊடக முன்னோட்டமோ குறுக்கு வாட்டமானது. தூண்களின் நடுப்பகுதி மட்டும் தெரிந்து, பாலத்தின் மேல்தளமும் அடியில் உள்ள பாறையும் காணாமல் போகும். படைப்பைச் சிதைத்துத் தம் பெயருக்குக் கேடு வரும்படி செய்வதை எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் படைப்பாளியிடமே இருக்கும் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. தானாக வெட்டப்படும் முன்னோட்டம் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், முன்கூட்டிச் சொன்னால் கோபம் வராது. படத்தில் அவருடைய பெயர் நீர்க்குறியாக இருந்தால் அதை அழிப்பது வேறு வகைக் குற்றம்: படைப்பாளியை அடையாளம் காட்டும் தகவலை வேண்டுமென்றே, அதிகாரமின்றி நீக்குவதற்கு, 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நீர்க்குறி இல்லாத நகலை அவரிடமே கேட்டுப் பெறுவதுதான் முறை.

மூன்றாவது வகைக்கும் ஒரு குறை இருக்கிறது. அவர் சில நேரம் நிபந்தனையை மாற்றிப் பதில் எழுதுவார்: "சம்மதம், ஆனா ரெண்டு வருஷத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்க, கட் பண்ணக் கூடாது." இதைச் சம்மதமாகக் கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. நம் மடலில் ஒரு நிபந்தனை, அவர் பதிலில் வேறொரு நிபந்தனை என்று இரண்டு இருக்கின்றன. இரண்டு ஆண்டு, முன்னோட்டத்துக்கு வேறு படம் என்று திருத்தி ஒரு சிறு மடல் அனுப்பி, அதற்கு அவரிடமிருந்து சரி என்று வாங்கிய பிறகே வெளியிட வேண்டும். இரண்டு ஆண்டு முடியும் தேதியை நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை மடலில் இந்த இழுபறி இல்லை என்பது உண்மை. அந்த இழுபறியில் வெளிவருகிற விவரம்தான் நமக்கு வேண்டியது என்பதால், என் தேர்வு மாறவில்லை.

படத்தில் ஆட்கள் தெரிந்தால் இன்னொரு கேள்வி தனியாக எழும். தோவாளைப் பூச்சந்தையில் பூ கட்டும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிற படத்துக்குப் புகைப்படக்காரர் கொடுக்கும் உரிமம், அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது. அவரிடம் கேட்டிருக்கிறாரா என்று மடலில் ஒரு வரி சேர்க்கலாம். தொட்டிப்பாலத்துத் தூண்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பதிலே வராமல் போனால், குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்கிறேன் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் சட்டம் கேட்பது அவருடைய எழுத்தை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். சமூக ஊடகப் பக்கத்தில், மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு செய்தியும் போடலாம், ஏனெனில் புகைப்படக்காரர்களின் மின்னஞ்சல் பெட்டி பல நாள் திறக்கப்படாமல் கிடப்பதுண்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு படத்தைத் தேட வேண்டியதுதான். பதில் வந்துவிட்டால், அந்த மடல் தொடர் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கி, படக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில், அதே பெயரில் சேமித்துவைக்க வேண்டும். மின்னஞ்சல் கணக்கு மாறினாலும் கோப்பைத் திறக்கிற எவருக்கும் உரிமம் பக்கத்திலேயே கிடைக்கும்.